மூன்று நிமிடமும் ஒரு தீர்மானமும்
இளையோர் நாடாளுமன்றத்தில் பேசப்போகும் மாணவர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள மாணவ உறுப்பினர்களே,

உங்கள் மாதிரி அவையில் விவாதத்துக்கு வரும் தீர்மானம் என் கைக்கு வந்தது. மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் போட்டியிடும் வயதை 25-லிருந்து 21 ஆகக் குறைக்க வேண்டும் என்பது பொருள். முன்மொழிகிறவருக்கு மூன்று நிமிடம். இரண்டரையில் ஒரு மணி, மூன்றில் இன்னொரு மணி, அதோடு மைக் அணைந்துவிடும். கல்லூரி அவைகளில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தும் மதிப்பெண் போட்டும் பழகியவன் என்ற முறையில், இந்த மூன்று நிமிடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் தீர்மானத்தின் வாசகத்தைப் பார்ப்போம். உங்கள் வரைவில், 'மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி வயதைக் குறைக்க வேண்டும்' என்று இருக்கிறது. அங்கேயே உங்களை மடக்கிவிடுவார்கள். போட்டியிடும் வயது அந்தச் சட்டத்தில் இல்லை, அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. மக்களவைக்கு 84-வது பிரிவு, சட்டப்பேரவைக்கு 173-வது பிரிவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் செய்வதெல்லாம், மனுப் பரிசீலனை நாளன்று வேட்பாளருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தேர்தல் அலுவலரைப் பார்க்கச் சொல்வதுதான். சாதாரணச் சட்டத்தைத் திருத்தி இதை மாற்ற முடியாது. இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். எதிர்வரிசையில் சட்டம் படிக்கும் மாணவி ஒருத்தி இருந்து, ஒழுங்குப் பிரச்சினை என்று எழுந்து இதைச் சொன்னால் உங்கள் தீர்மானம் பேசத் தொடங்கும் முன்பே படுத்துவிடும்.

மக்களவை நடைமுறை விதிகள் தீர்மானம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. தெளிவாக, திட்டவட்டமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிரச்சினையை எழுப்ப வேண்டும். அதற்குள் வாதமோ, அனுமானமோ, கிண்டலோ இருக்கக் கூடாது. உங்கள் வரைவில் 'இளைஞர்களைத் தொடர்ந்து புறக்கணித்துவரும் இந்த அநீதியைக் களையும் பொருட்டு' என்றொரு தொடர் வருகிறது. அது வாதம். அதைப் பேச்சில் வைத்துக்கொள்ளலாம், தீர்மானத்தில் வைக்கக் கூடாது. மாநிலங்களவைக்கான 30 வயதையும் குறைக்க வேண்டும் என்று கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். அது இரண்டாவது பிரச்சினை, எடுத்துவிடுங்கள். மிச்சம் இப்படி இருக்கட்டும்:

"மக்களவைக்கும் மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் போட்டியிடுவதற்கான குறைந்தபட்ச வயதை 25-லிருந்து 21 ஆகக் குறைக்கும் வகையில் அரசமைப்புச் சட்டத்தின் 84, 173 ஆகிய பிரிவுகளைத் திருத்த ஒன்றிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இந்த அவை கேட்டுக்கொள்கிறது."

இதைத்தான் நீங்கள் காப்பாற்றப்போகிறீர்கள். இதில் இல்லாத எதையும் காப்பாற்ற வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நிலைப்பாடு தெளிவாக இருப்பதென்றால் குரலை உயர்த்திப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். எது வரை கேட்கிறோம், எதைக் கேட்கவில்லை என்று எல்லை போட்டுச் சொல்வதுதான் தெளிவு.

இனி நேரம். உண்மையான மக்களவையில் தீர்மானம் கொண்டுவருபவருக்கு 30 நிமிடம் வரை உண்டு, மற்றவர்களுக்கு 15. உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. அதையும் நாம் எதில் செலவழிக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாம். அவைத் தலைவர் தொடங்கி, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்கள், கடைசி வரிசையில் இருக்கும் நண்பர்கள் வரை எல்லோரையும் விளித்து, தமிழ்த்தாயை வணங்கி, 'இந்த வாய்ப்பை நல்கிய' என்று தொடங்கும் நன்றியையும் சொல்லி முடிக்க முக்கால் நிமிடம் போய்விடும். மூன்றில் கால் பங்கு அது. பட்டிமன்றத்தில் அது அழகு, அங்கே நடுவரே சிரித்துக்கொண்டு கேட்பார். அவையில் பேசும் உறுப்பினர் ஒரே ஒருவரைத்தான் விளிக்க வேண்டும். 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் சொல்லை எண்ணி நேரத்தைக் கணக்கிடாதீர்கள். தமிழில் அது ஏமாற்றும். 1989 என்பது தாளில் ஒரு சொல். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. மூச்சு முட்டாமல் சொல்ல இரண்டு நொடிக்கு மேல் ஆகும். ஐந்து ஆண்டுகளையும் மூன்று பிரிவு எண்களையும் அடுக்கினால் அரை நிமிடம் கிட்டத்தட்ட எண்ணிலேயே கரைந்துவிடும், கேட்பவர் மனத்தில் ஒன்றும் நிற்காது. எனவே பேச்சில் இரண்டு மூன்று எண்களுக்கு மேல் வேண்டாம். எழுதிய பிரதியைக் கைபேசியில் கடிகாரம் வைத்து, நின்றுகொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும் குரலில் படித்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுத்துப் படித்தால் எப்போதும் அரை நிமிடம் குறைவாகவே காட்டும்.

பேச்சில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் உங்கள் பயிற்சி ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு. ஐந்து காரணம் சொன்னால் ஐந்து மதிப்பெண் என்பது அவர்கள் கணக்கு. மூன்று நிமிடத்தில் ஐந்து காரணம் சொன்னால் ஒவ்வொன்றும் தலைப்பாகத்தான் நிற்கும், எதிர்த்தரப்பு அவற்றில் மிக நொய்ந்ததைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் கண்டுகொள்ளாது. ஒரு காரணத்தை எடுங்கள். அது கையை விட்டுப் போகாத காரணமாக இருக்கட்டும்.

உங்கள் வரைவில் பகத்சிங் வருகிறார். 23 வயதில் தூக்குமேடை ஏறியவர், அவரால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கேட்கிறீர்கள். கைதட்டு விழும். ஆனால், பகத்சிங் எந்தத் தொகுதியிலும் வேட்பு மனு தாக்கல் செய்யவில்லையே என்று எதிர்வரிசையில் ஒருவர் சொன்னால் சிரிப்பு அதைவிடப் பெரிதாக விழும். நம் மக்கள்தொகையில் இளைஞர்கள் எத்தனை கோடி என்ற கணக்கும் வருகிறது. அதற்கும் இந்தத் தீர்மானத்துக்கும் சம்பந்தம் குறைவு. இளைஞர்கள் அதிகமாக இருப்பதால் போட்டியிடும் வயதைக் குறைக்க வேண்டும் என்றால், நாளை முதியவர்கள் அதிகமானால் கூட்ட வேண்டுமா? வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. பிரிட்டன் 2006-ல் 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது, 2015-ல் மைரி பிளாக் 20 வயதில் அங்கே எம்.பி. ஆனார். உண்மைதான். ஆனால் அங்கே நடந்தது 18-க்கான சான்று. நீங்கள் கேட்பது 21. அதைச் சொன்னால், 'அப்படியானால் 18 ஏன் கேட்கவில்லை?' என்ற கேள்வியை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

21-க்கான சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, நம் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் வைத்து ஒரு பேச்சு எழுதிப் பார்த்தேன்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே! மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் போட்டியிடும் வயதை 25-லிருந்து 21 ஆகக் குறைக்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். மாநிலங்களவையின் வயது வரம்பை இந்தத் தீர்மானம் தொடவில்லை.

நான் சொல்லப்போவது ஒரே காரணம். 21 வயதானவரை நம்பிப் பதவியில் உட்காரவைக்கலாம் என்று நம் அரசமைப்புச் சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஊராட்சிகளைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். சட்டமன்றத் தேர்தலில் நிற்க எவையெல்லாம் தடையோ அவையெல்லாம் ஊராட்சித் தேர்தலுக்கும் தடை என்று சொல்லிவிட்டு, வயதுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. 21 நிரம்பியிருந்தால், 25 ஆகவில்லை என்ற காரணத்தைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. நகராட்சிக்கும் அதே விதிதான்.

அதன்படி தமிழ்நாட்டில் 21 வயதுப் பெண் ஒருவர் ஊராட்சி மன்றத் தலைவராகலாம். மக்கள் அவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபைக்கு அவர் தலைமை தாங்குகிறார். ஊராட்சியின் காசோலையில் அவர் கையெழுத்து இருக்கிறது. தெருவிளக்கு எரியாவிட்டால் ஊர் அவர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறது. அதே பெண் 234 பேரில் ஒருவராகச் சட்டப்பேரவையில் உட்கார்ந்து ஒரு மசோதாவுக்கு வாக்களிக்க வேண்டுமென்றால், இன்னும் நான்கு ஆண்டு போகட்டும் என்கிறோம். தனியாளாகப் பொறுப்பேற்கும் பதவிக்கு 21 போதும், கூடி முடிவெடுக்கும் பதவிக்கு 25 வேண்டுமா?

முதிர்ச்சி போதாது என்பார்கள். இந்தத் தீர்மானம் யாருக்கும் பதவி தரவில்லை. வேட்பு மனு கொடுக்க மட்டும் வழிவிடுகிறது. முதிர்ச்சி இருக்கிறதா என்பதைத் தொகுதி மக்கள் பார்த்துக்கொள்வார்கள். 60 வயதுக்காரரின் முதிர்ச்சியையும் அவர்கள்தானே பார்க்கிறார்கள்?

84, 173 ஆகிய பிரிவுகளைத் திருத்தக் கோரும் இந்தத் தீர்மானத்தை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்."

நின்று நிதானமாகப் படித்தால் இது இரண்டேகால் நிமிடத்தை ஒட்டி வரும். மீதியை நிரப்ப வேண்டாம். அவையில் யாராவது குறுக்கிடுவார்கள், மேசையைத் தட்டுவார்கள், தலைவர் 'அமைதி' என்பார். மீதி அதற்குத்தான். பேச்சின் நடுவில் ஒருவர் எழுந்து விளக்கம் கேட்டால் இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'என் மறுமொழியில் சொல்கிறேன்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள்.

ஊராட்சி, நகராட்சி விலக்குகள் வரும் பிரிவுகளான 243எஃப், 243வி என்ற எண்களைப் பேச்சில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், கேட்காதவரை நாக்குக்கு வேலை கொடுக்க வேண்டாம். காசோலையைப் பற்றிய வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலைக்குத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் தேவை என்பது கிராமத்திலிருந்து வரும் மாணவர்களுக்குத் தெரியும். சட்டமன்ற உறுப்பினர் இப்படிக் காசோலையில் கையெழுத்துப் போட்டு அரசுப் பணத்தைச் செலவழிப்பதில்லை. உங்கள் வாதத்தின் எடை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதல் மணி அடித்ததும் என்ன நடக்கும் தெரியுமா? நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பையன் திடீரென்று ரயில் பிடிக்கப் போகிறவன்போல் ஓடத் தொடங்குவான். மீதியிருக்கும் ஒன்றரைப் பக்கத்தை முப்பது நொடியில் கொட்டப் பார்ப்பான். கடைசி வாக்கியம் பாதியில் இருக்கும்போது மைக் அணையும், தீர்மானத்தை ஏற்கச் சொல்லிக் கேட்காமலே அவன் உட்காருவான். மணி அடித்தால் எங்கே இருந்தாலும் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு நேரே கடைசிப் பத்திக்குத் தாவுங்கள். அதனால்தான் கடைசிப் பத்தியை ஒரே வாக்கியமாக, முந்தைய பத்தி எதையும் நம்பியிராதபடி எழுதினேன். பிரதியில் அதைத் தனித்தாளில் வைத்துக்கொண்டால் தேட வேண்டியிருக்காது.

முன்மொழிந்தவருக்கு விவாத முடிவில் பதில் சொல்லும் உரிமை உண்டு. இதைப் பலர் மறந்துவிட்டு, கையிலிருக்கும் எல்லாவற்றையும் தொடக்க உரையிலேயே போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். இரண்டாவது நல்ல வாதத்தை மறுமொழிக்கு வைத்திருங்கள். எனக்குத் தெரிந்து அது இதுதான்: 1989-க்கு முன்பு வாக்களிக்க 21, போட்டியிட 25, இடைவெளி நான்கு ஆண்டு. அறுபத்தோராவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது, போட்டியிடும் வயதை அப்படியே விட்டுவிட்டது. இடைவெளி ஏழு ஆண்டானது. ஏழு ஆண்டு வேண்டும் என்று அப்போது யாரும் தனியாக முடிவெடுத்து எழுதிவைக்கவில்லை, ஒன்றை நகர்த்தி மற்றதை நகர்த்தாததால் வந்த விளைவு அது. 25 என்பது முன்னோர் வகுத்த வரம்பு, அதில் கைவைக்கலாமா என்று யாராவது உருகினால் இன்னொன்றும் சொல்லலாம். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் மேலவைக்கு 35 வயது என்று வந்த வரைவை, ஜி. துர்காபாய் திருத்தம் கொண்டுவந்து 30 ஆக்கினார். வயது வரம்பு அன்றைக்கே அவையில் பேசிக் குறைக்கப்பட்ட ஒன்றுதான். உதாரணம் காட்டு என்று கேட்டால் ஆர்யா ராஜேந்திரன் பெயரைச் சொல்லுங்கள். 2020-ல் திருவனந்தபுரம் மேயரானபோது அவருக்கு வயது 21.

தேர்தல் ஆணையத்தை எதிர்த்தரப்பு கண்டிப்பாக இழுக்கும். அங்கே தடுமாறாதீர்கள். 2023-ல் சட்டம், நீதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு போட்டியிடும் வயதை 18 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. 18 வயதில் அதற்கான அனுபவமும் முதிர்ச்சியும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது ஆணையத்தின் கருத்தாக இருந்தது. அந்தக் கருத்து 18-ஐப் பற்றியது. உங்கள் தீர்மானம் 21-ஐப் பற்றியது. இந்த வேறுபாட்டை இரண்டே வாக்கியத்தில் சொல்ல முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். தொடக்க உரையில் ஆணையத்தின் பெயரை நீங்களாக எடுக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சோதனை நண்பர்களிடமிருந்து வரும். உங்கள் வரிசையிலேயே ஒருவர் எழுந்து, 21 என்ற இடத்தில் 18 என்று போடலாம் எனத் திருத்தம் கொண்டுவருவார். வாக்களிக்கும் வயதும் போட்டியிடும் வயதும் ஒன்றாக இருந்தால் என்ன என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும், அவை கைதட்டும். அந்தக் கைதட்டலில் நீங்களும் சரி என்று தலையாட்டினால் உங்கள் ஒரே காரணம் போய்விட்டது. 18 வயதில் ஊராட்சித் தலைவர் இந்தியாவில் யாரும் இல்லை, அரசமைப்புச் சட்டம் 18-க்கு எந்த விலக்கும் தரவில்லை. நீங்கள் நிற்கும் தரை 21-ல்தான் இருக்கிறது. திருத்தத்தை ஏற்கப்போவதில்லை என்று அவைக்கு வருமுன்பே உங்களுக்குள் பேசி முடிவுசெய்துவிடுங்கள். 18 வேண்டும் என்று உண்மையிலேயே நம்புகிறவர் இருந்தால் அவர் வேறு தீர்மானம் கொண்டுவரட்டும், வேறு காரணத்தோடு.

எதிர்த்துப் பேசப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் மூன்று நிமிடம்தான். இளைஞர்களுக்கு அனுபவம் போதாது என்ற பழைய பல்லவியைப் பாடி அதை வீணாக்காதீர்கள். அதற்கான பதில் மேலே இருக்கிறது. உங்கள் பக்கம் நல்ல வாதம் ஒன்று உண்டு. 21 வயதுக்காரருக்கு உள்ளாட்சியில் இடம் திறந்தே இருக்கிறது, அங்கே பணியாற்றிவிட்டு 25-ல் சட்டமன்றத்துக்கு வரட்டும், இரண்டு வாசலுக்கும் ஒரே வயது வைத்தால் அந்தப் படி காணாமல் போகும் என்பது அது. நான் தீர்மானத்தின் பக்கம் நிற்பவன். ஆனாலும் இந்த வாதத்துக்கு முன்மொழிபவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன். இதை உங்கள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், மூன்றாவது நிமிடத்துக்கு வைத்திருக்காதீர்கள்.

முன்மொழிபவர்களே, திருத்திய தீர்மானத்தின் நகலை அவைச் செயலரிடம் கொடுக்கும்போது எதிர்வரிசைக்கும் ஒரு பிரதி அன்றே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர்